மாற்று ஆசிரியருக்கான வகுப்பு ஃபைல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப்பள்ளியில் வகுப்பாசிரியர் திடீரென்று விடுப்பு எடுத்தால், அந்தக் குழந்தைகளை முன்பின் பார்த்திராத ஒருவர் வந்து நாள் முழுக்க வகுப்பை நடத்த வேண்டியிருக்கும். அவருக்காக ஒரு ஃபைலைத் தயாராக வைப்பது பற்றி சக ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்காக 28 குழந்தைகள் படிக்கும் ஒரு மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

பாடக்குறிப்பு எழுதி வைத்தால் போதாதா? தனியாக ஒரு ஃபைல் எதற்கு?

பாடத்தை எந்த ஆசிரியரும் சமாளித்துவிடுவார். புத்தகத்தைத் திறந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும், தெரியாவிட்டால் முன்வரிசைக் குழந்தையே சொல்லிவிடும். அவரால் ஊகிக்க முடியாதது வேறு: மாலையில் எந்தக் குழந்தை யாருடன் போக வேண்டும், யாருக்கு எது ஒவ்வாது, மணி அடித்தால் எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும், இப்போது வகுப்புக்கு வெளியே யார் யார் இருக்கிறார்கள். ஃபைல் இவற்றுக்குத்தான்.

பாடக்குறிப்பு நாளுக்கு நாள் மாறும், ஃபைல் அப்படி மாறாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் பழைய பாடக்குறிப்புகளுக்கு நடுவே முக்கியமான தாள் புதைந்துபோகும். அதனால் பாடக்குறிப்பைத் தனி உறையில் வையுங்கள்.

முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

வருபவர் மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்புதான் வகுப்புக்குள் நுழைவார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். நின்றபடியே மூன்று நிமிடத்தில் படித்து முடிக்கும்படி ஒரே பக்கமாக இருக்கட்டும். எங்கள் மாதிரி வகுப்புக்கு அது இப்படி இருக்கும்:

> வகுப்பு 3. மொத்தம் 28 பேர்.
>
> குழந்தைகள் வருவதற்கு முன்: பெயர் அட்டைப் பெட்டி மேசையின் இரண்டாவது இழுப்பறையில். இருக்கைப் படத்தைப் பார்த்து அட்டைகளை மேசைகளில் வைத்துவிடுங்கள்.
>
> மருத்துவத் தாள்: இந்த ஃபைலின் சிவப்பு உறையில். குழந்தைகள் வருவதற்குள் கட்டாயம் படிக்கவும். நான்கு குழந்தைகள்.
>
> உடனே உதவி வேண்டுமென்றால்: பக்கத்து வகுப்பு 3 'ஆ' ஆசிரியர். அவர் இல்லையென்றால் அலுவலகம், உள் தொலைபேசி கதவுக்குப் பக்கத்துச் சுவரில்.
>
> வெளியேறும் வழி: கதவுக்கு இடதுபுறம் படிக்கட்டு. கூடும் இடம் மைதானத்தில் 3 என்று எழுதிய கம்பம்.
>
> மாலை: மஞ்சள் தாளைப் பார்க்காமல் எந்தக் குழந்தையையும் அனுப்ப வேண்டாம்.

இவ்வளவுதான். வரவேற்புரை, வகுப்பின் பெருமை, என் கற்பித்தல் முறை எதுவும் இந்தப் பக்கத்தில் வேண்டாம். அவருக்கு இருக்கும் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடத்தை அது தின்றுவிடும்.

அன்றாட வழக்கங்களை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

குழந்தைகள் எழுந்து நடமாடும் நேரங்களை விரிவாக எழுதுங்கள், உட்கார்ந்திருக்கும் நேரங்களைச் சுருக்கமாக எழுதுங்கள். வகுப்பு குலைவது பெரும்பாலும் நடமாட்டத்தில்தான். காலையில் பையை எங்கே வைப்பது, நோட்டுகளை யார் விநியோகிப்பது, இடைவேளைக்கு எப்படி வரிசை கட்டுவது, தண்ணீர் எப்போது குடிப்பது, கழிப்பறைக்கு எப்படிப் போவது என்பவையே அந்த இடங்கள்.

"குழந்தைகளுக்கு வழக்கம் தெரியும்" என்று எழுதுவதால் பயனில்லை. அவர்களுக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாதே. செய்ய வேண்டியதை அப்படியே எழுத வேண்டும். உதாரணத்துக்கு, அமைதிப்படுத்தும் சைகை: "வலது கையை உயர்த்தி நில்லுங்கள். பேசாதீர்கள். பார்த்தவர்கள் தாங்களும் கையை உயர்த்துவார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தபின் பேசுங்கள்." சைகை இருக்கிறது என்று மட்டும் எழுதி, அப்போது பேசக்கூடாது என்பதை விட்டுவிட்டால், அவர் கையைத் தூக்கிக்கொண்டே "அமைதி, அமைதி" என்பார். குழந்தைகள் கையைப் பார்க்கவே மாட்டார்கள்.

கழிப்பறை விதியை இன்னும் கவனமாக எழுதுங்கள். மாற்று ஆசிரியர் வரும் நாளில் ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேருக்கு அவசரம் வரும். எங்கள் முறை இது: போர்டின் ஓரத்தில் "வெளியே" என்று ஒரு கட்டம் இருக்கும். போகும் குழந்தை தன் பெயர் எழுதிய காந்த அட்டையை அங்கே ஒட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே இடம். கேட்டால் மறுக்கக் கூடாது, கட்டம் காலியாகும்வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் மருத்துவத் தாளில் பெயர் உள்ள குழந்தை கேட்டால் காத்திருக்கவும் சொல்லக் கூடாது.

இந்தக் கட்டம் ஒழுங்குக்காக மட்டும் வைத்ததல்ல. தீ மணி அடிக்கும்போது யார் உள்ளே இல்லை என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். கீழே அதற்கு வருகிறேன்.

"எங்க டீச்சர் இப்படிச் செய்யமாட்டாங்க" என்று ஆளுக்கொன்று சொல்வார்களே, அதற்கு என்ன வழி?

ஃபைலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "இந்தத் தாளில் இல்லாத எதற்கும் உங்கள் முடிவே முடிவு." அப்புறம், வகுப்பு நடைமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு குழந்தைகளின் பெயரைக் கொடுங்கள். ஒருவர் போதாது, அன்று அவரே வராமல் போகலாம். நன்றாகப் படிப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை, விஷயத்தை உள்ளபடி சொல்பவர்களாக இருந்தால் போதும். மற்ற குழந்தைகளைப் பற்றிப் புகார் சொல்ல அவர்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் எழுதுங்கள். அன்று ஒருநாள் உதவியதற்காக மறுநாள் அவர்கள் தனித்து நிற்கக் கூடாது.

இருக்கைப் படத்தை எப்படி வரைவது?

போர்டுக்கு முன்னால் நின்று வகுப்பைப் பார்ப்பவரின் கண் வழியாக வரைய வேண்டும். நம்மில் பலர் போர்டைத் தாளின் மேல்பக்கம் போட்டு, அறையின் பின்சுவரிலிருந்து பார்ப்பதுபோல் வரைந்துவிடுகிறோம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு போர்டருகே நிற்பவருக்கு இடம் வலமாக எல்லாம் தலைகீழாகத் தெரியும். போர்டைத் தாளின் அடிப்பக்கம் போடுங்கள். அப்போது தாளின் இடதுபக்கம் அவருடைய இடதுகைப் பக்கமாக இருக்கும். கதவையும் ஜன்னலையும் குறித்துவிட்டால் தாளை எப்படிப் பிடிப்பது என்ற சந்தேகமே வராது.

ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தையைக் கூப்பிடும் பெயரைப் பெரிதாகவும், பதிவேட்டில் உள்ள பெயரைக் கீழே சிறிதாகவும் எழுதுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், பதிவேட்டைப் படிக்கும்போது குழந்தை பதில் சொல்லாது, அவரும் வரவில்லை என்று போட்டுவிடுவார். ஒரே பெயரில் இருவர் இருந்தால் முதலெழுத்தோடு எழுதுங்கள்.

அடுத்தது, காரணத்தோடு அமர்த்திய இடங்கள். இடதுகைப் பழக்கமுள்ள குழந்தையை பெஞ்சின் இடது கோடியில் உட்கார வைத்திருப்போம், இல்லையென்றால் எழுதும்போது பக்கத்துக் குழந்தையின் வலது முழங்கை இடிக்கும். இடது காது சரியாகக் கேட்காத குழந்தை, வலது காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி தன் இடதுகைப் பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கண்ணாடி போட்டும் போர்டு தெளிவாகத் தெரியாத குழந்தை முதல் வரிசையில் இருக்கும். இந்தக் கட்டங்களில் ஒரு நட்சத்திரம் போட்டு, "நட்சத்திரம் உள்ளவர்களை இடம் மாற்ற வேண்டாம்" என்று கீழே எழுதினால் போதும். காரணத்தைப் படத்தில் எழுத வேண்டாம். படம் நாள் முழுக்க மேசைமேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள்.

படத்தின் மூலையில் தேதி போட மறக்காதீர்கள். தேதி இல்லாத படத்தை நம்புவதா வேண்டாமா என்று வந்தவருக்குத் தெரியாது.

படம் இருந்தும் குழந்தைகள் நண்பர்கள் பக்கத்தில் மாறி உட்கார்ந்துவிடுகிறார்களே?

மாறிய பிறகு கண்டுபிடிப்பதைவிட, மாற வழியில்லாமல் செய்வது எளிது. அதற்குத்தான் பெயர் அட்டைப் பெட்டி. தடித்த தாளை இரண்டாக மடித்து இருபக்கமும் பெயர் எழுதிய அட்டைகள், வரிசைவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. குழந்தைகள் வருவதற்குள் ஆசிரியரே அவற்றை மேசைமேல் வைத்துவிட வேண்டும். உள்ளே வரும் குழந்தை தன் பெயர் இருக்கும் இடத்தில் போய் உட்காரும். குழந்தைகளிடம் அட்டையைக் கொடுத்தால் அட்டையோடு இடம் மாறிவிடுவார்கள்.

அட்டை வைத்ததில் இன்னொரு லாபம், அட்டை இருந்து ஆள் இல்லாத இடம் கண்ணில் படும். பெயர் கூப்பிட்டு எடுத்த வருகையை இதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளலாம். யாரோ வராத நண்பனுக்காக "உள்ளேன்" சொல்லியிருந்தாலும் தெரிந்துவிடும்.

சேட்டை செய்பவர்கள் யார் என்று குறித்துக் கொடுக்கலாமா?

பெயருக்குப் பக்கத்தில் குணம் எழுதாதீர்கள். "முரடன்", "பொய் சொல்வாள்" என்று எழுதியதைப் படித்துவிட்டு வகுப்புக்குள் வருபவர், அந்தக் குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே அதைக் குற்றவாளியாகப் பார்ப்பார். அந்தத் தாள் பெற்றோர் கையில் கிடைத்தாலும் நாம் தலைநிமிர்ந்து நிற்கும்படி இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியதை எழுதுங்கள். "நான்காம் வரிசை ஜன்னலோரம்: எழுத்து வேலை நீண்டால் எழுந்து நடப்பான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டுகளைச் சேகரிக்கச் சொன்னால் சரியாகிவிடும். எல்லோர் முன்னும் பெயர் சொல்லிக் கண்டித்தால் பிடிவாதம் கூடும்." இதைப் படிப்பவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. இருவரைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாதென்றால், "இந்த இருவரும் ஒரே குழுவில் வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவத் தாளில் நோயின் பெயரை எழுதினால் போதுமா?

போதாது. "ஆஸ்துமா உண்டு" என்று படித்தவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு விஷயம் வேண்டும்: தொடக்கத்தில் எப்படித் தெரியும், முதலில் என்ன செய்ய வேண்டும், மருந்து எங்கே இருக்கிறது, எப்போது ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும். இதைப் பெற்றோரும் மருத்துவரும் கொடுத்த எழுத்துக்குறிப்பிலிருந்து எடுங்கள், நம் யோசனையில் எழுதக் கூடாது. எங்கள் மாதிரி வகுப்பின் நான்கு குழந்தைகளில் மூன்று பேருக்கு உள்ளதைக் காட்டுகிறேன்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை: "உதடு, முகம் வீங்குவது, உடலெங்கும் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இருமல், குரல் மாறுவது, மூச்சு இழுப்பது. மூச்சுத் திணறலோ தலைசுற்றலோ இருந்தால் உடனே அட்ரினலின் பேனா ஊசி, தொடையின் நடுவில் வெளிப்பக்கமாக, உடைக்கு மேலேயே போடலாம். படுக்க வையுங்கள், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டதும் ஆம்புலன்ஸ், குழந்தை தெளிந்துவிட்டாலும் அழைக்க வேண்டும்." யார் இந்த ஊசியைப் போடலாம் என்பதில் பள்ளிக்குப் பள்ளி விதி வேறுபடும். மாற்று ஆசிரியருக்கு அனுமதி இல்லையென்றால் பயிற்சி பெற்றவர் யார், எந்த அறையில் இருப்பார் என்று எழுதுங்கள்.

வலிப்பு வரும் குழந்தை: "உடனே கடிகாரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள மேசை நாற்காலிகளை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்." வாயில் கரண்டி வைக்கும், கையில் இரும்பைத் திணிக்கும் பழக்கம் நல்ல மனம் உள்ளவர்களிடமும் இருக்கிறது. அதனால் செய்யக் கூடாதவற்றைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். மற்ற குழந்தைகளை 3 'ஆ' வகுப்புக்கு அனுப்பலாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தை: "நடுக்கம், வியர்வை, திடீர் கோபம், சோர்ந்து மேசையில் சாய்வது. சர்க்கரை குறைந்திருக்கலாம். அவள் பையின் முன்பக்கத்தில் உள்ள பழச்சாற்றைக் குடிக்கக் கொடுங்கள். பள்ளிச் செவிலியரை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள், அவளைத் தனியாக நடக்க விடாதீர்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையிலோ மயக்கத்திலோ இருந்தால் வாயில் எதுவும் கொடுக்காமல் ஆம்புலன்ஸ்." சாய்ந்து கிடப்பதையும் எரிந்து விழுவதையும் புதியவர் அடங்காமை என்றுதான் எடுத்துக்கொள்வார். அறிகுறி எழுதுவதன் பயனே அங்கேதான். இந்தக் குழந்தைக்கு வகுப்பில் சாப்பிடவும், கேட்டவுடன் கழிப்பறை போகவும் அனுமதி உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்தத் தாளை எங்கே வைப்பது? எல்லோர் கண்ணிலும் படக் கூடாதே.

ஃபைலுக்குள் சிவப்பு உறையில், வெளியே எந்தப் பெயரும் இல்லாமல். உறையை ஒட்ட வேண்டாம், பூட்டவும் வேண்டாம். சாவி தேடும் நேரத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். குழந்தையின் முகம் தெரிய ஒரு சிறு படம் ஒட்டினால் நல்லது, பள்ளியின் அனுமதியோடு. பெற்றோர் தொலைபேசி எண்களை அலுவலகம்தான் வைத்திருக்கிறது என்றால் அதன் நகலை ஃபைலில் வைக்காதீர்கள். அலுவலகத்தை எப்படி அழைப்பது என்று இருந்தால் போதும்.

தீ எச்சரிக்கை மணி அடித்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவது?

வழியை வார்த்தையிலும் படத்திலும் கொடுங்கள், முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழியையும். பைகளை எடுக்க வேண்டாம், கதவைச் சாத்த வேண்டும், பூட்டக் கூடாது. அவர் கையில் எடுக்க வேண்டியவை மூன்று: அன்றைய வருகைத் தாள், சிவப்பு உறை, கதவருகே மாட்டியிருக்கும் மருந்துப் பை.

எண்ணிக்கையில்தான் தடுமாற்றம் வரும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதிவேட்டில் 28. அன்று இருவர் வரவில்லை, 26. மணி அடிக்கும்போது ஒரு குழந்தை கழிப்பறையில், இன்னொரு குழந்தை வாசிப்புப் பயிற்சிக்கு வேறு அறையில். வரிசையில் நிற்பது 24. மைதானத்தில் எண்ணிப் பார்க்கும் புதியவருக்கு 28-க்கும் 24-க்கும் நடுவில் நால்வர் எங்கே என்று புரியாது. பொறுப்பாளர் கேட்கும்போது "நாலு பேர் குறைகிறார்கள்" என்பார். அல்லது, அதைவிட மோசமாக, குழந்தைகளை வாசலில் விட்டுவிட்டுத் தேடப் போவார்.

இதற்குத்தான் போர்டில் "வெளியே" கட்டம். காலையில் வருகை எடுத்ததும் அதன் மேலே "இன்று 26" என்று எழுத வேண்டும். வேறு அறைக்குப் போகும் குழந்தையின் அட்டை பக்கத்திலுள்ள "வேறு அறை" கட்டத்துக்குப் போகும். மணி அடித்ததும் போர்டைத் திரும்பிப் பார்த்து அந்த இரண்டு அட்டைகளையும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும், ஐந்து விநாடி வேலை. வாசலில் ஒருமுறை எண்ணினால் 24. கூடும் இடத்தில் மறுபடி எண்ணினால் 24. பிறகு பொறுப்பாளரிடம், "26 பேர் வந்தார்கள், 24 பேர் இங்கே, இந்த இரண்டு பெயர், ஒருவர் கழிப்பறை, ஒருவர் வாசிப்பு அறை" என்று சொல்ல முடியும். தேடுவது பொறுப்பாளரின் வேலை. மாற்று ஆசிரியர் உள்ளே திரும்பிப் போகக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள்.

வெளியே இருக்கும்போது மணி கேட்டால் வகுப்புக்குத் திரும்பாமல் பக்கத்தில் உள்ள பெரியவரோடு வெளியேற வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு நாம்தான் முன்பே பழக்கியிருக்க வேண்டும். பழக்கியிருந்தால் அதையும் ஃபைலில் குறிப்பிடுங்கள்.

உள்ளேயே பூட்டிக்கொண்டு இருக்கச் சொல்லும் அறிவிப்பு வந்தால்?

அறிவிப்பு எந்த வார்த்தையில் அல்லது ஓசையில் வரும், தீ மணிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், கதவை உள்ளிருந்து எப்படிப் பூட்டுவது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை எது, முடிந்தது என்று யார் சொன்னால் நம்ப வேண்டும். இவ்வளவையும் பள்ளியின் சொந்த விதிப்படி எழுதுங்கள். தாழ்ப்பாள் முரண்டு பிடிக்கும் என்றால் அதை எப்படித் தள்ள வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

மாலையில் குழந்தைகளை அனுப்புவதற்கு எப்படிக் குறிப்பு எழுதுவது?

என்னைக் கேட்டால், மருத்துவத் தாளுக்கு அடுத்து அதிகக் கவனம் வேண்டிய தாள் இதுதான். 28 பெயருக்கும் நேராக எப்படிப் போகிறார்கள் என்று இருக்க வேண்டும்: பள்ளி வாகனம் என்றால் எண், நடந்து போனால் யாருடன், கூட்டிப் போக வருபவர் யார், கிழமைக்குக் கிழமை மாறுமா. குறிப்பிட்ட ஒருவருடன் அனுப்பக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவோ பெற்றோரின் எழுத்துக் கோரிக்கையோ இருந்தால் அந்தப் பெயருக்கு நேரே "அலுவலகம் வழியாக மட்டும்" என்று எழுதுங்கள், குடும்ப விவரம் வேண்டாம்.

"இன்னைக்கு மாமா கூட்டிட்டுப் போறேன்னு அம்மா சொன்னாங்க" என்று குழந்தை சொன்னால் அது அனுமதி ஆகாது. குழந்தை அந்த ஆளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும் தாளில் பெயர் இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். வந்தவருக்குச் சங்கடமாக இருக்கும், பின்னால் ஆட்கள் நிற்பார்கள். "எங்கள் பள்ளி விதி, ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று அவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் சங்கடம் குறையும்.

பாடத்துக்கு எதை வைத்துவிட்டுப் போவது?

புதுப் பாடம் வேண்டாம். ஏற்கெனவே நடத்தியதைப் பயிற்சி செய்யும்படி, ஆசிரியர் விளக்கம் அதிகம் தேவைப்படாத வேலைகளை வையுங்கள். தாள்களை 30 நகல் எடுத்தே வையுங்கள். சீக்கிரம் முடிப்பவர்களுக்கு ஒரு வேலை தனியாக இருக்க வேண்டும், சும்மா இருக்கும் ஐந்து பேரிலிருந்துதான் சத்தம் தொடங்கும்.

ஃபைலை எப்போதெல்லாம் திருத்த வேண்டும்?

இருக்கை மாறிய அன்றே படம் மாற வேண்டும். பென்சிலில் எழுதிய படமாக இருந்தால் சோம்பல் வராது. மருத்துவத் தாளும் மாலைத் தாளும் பெற்றோரிடமிருந்து மாற்றம் வந்த அன்றே. மருந்துப் பையில் உள்ளவற்றின் காலாவதித் தேதியை மாதத்தின் முதல் வேலைநாளில் பாருங்கள். புதிதாக ஒரு குழந்தை சேர்ந்தால் எல்லாத் தாளிலும் எண்ணிக்கை மாறும், முதல் பக்கத்தில் 28 என்றும் மாலைத் தாளில் 29 என்றும் இருந்தால் வருபவர் எதை நம்புவார்?

சரிபார்க்க ஒரு வழி உண்டு. வேறு வகுப்பு எடுக்கும் ஒரு சகாவிடம் ஃபைலைக் கொடுத்து, "ஒவ்வாமை உள்ள குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஊசி எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அவர் விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் தாள்களின் வரிசையை மாற்றுங்கள்.

மாற்று ஆசிரியர் எனக்கு என்ன எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்?

வெற்றுத்தாள் கொடுத்தால் "எல்லாம் நன்றாக நடந்தது" என்று எழுதிவிட்டுப் போவார். ஐந்து கேள்விகளை அச்சிட்டுக் கொடுங்கள்: யார் வரவில்லை, யார் பாதியில் போனார்கள், யாருக்காவது அடிபட்டதா அல்லது மருந்து கொடுக்கப்பட்டதா, எத்தனை மணிக்கு, எந்த வேலை முடியவில்லை, ஃபைலில் தேடியும் கிடைக்காதது எது. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அன்றே ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.